மாத இறுதிச் சலுகையும் ஆண்டுக் கூட்டத்து வாதமும்

நுகர்பொருள் நிறுவனங்கள் மார்ச் மாதக் கணக்கை முடித்த பின் நடத்தும் ஆண்டு ஆய்வுக் கூட்டங்களில், பிராண்டு மேலாளர் வட்டார விற்பனைத் தலைவர்களின் முன் நின்று, நிறுவனம் வகுத்த திட்டத்திற்கு வெளியே உள்ளூர்ச் சலுகைகளை அறிவிப்பதைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்வது ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கேட்பவர்கள் தலையசைக்கிறார்கள், ஜூன் மாதக் கடைசி வாரத்தில் அதே சலுகைகள் மீண்டும் தலைகாட்டுகின்றன. இதை விற்பனைத் துறையின் ஒழுங்கீனம் என்று பிராண்டு மேலாளர்கள் கருதுவதும், தலைமையகத்தில் குளிர்ச்சியான அறையில் அமர்ந்திருப்பவருக்குச் சந்தை தெரியாது என்று விற்பனைத் தலைவர்கள் கருதுவதும் இயல்பே. எனினும், குறை பெரும்பாலும் அந்த உரையின் அமைப்பிலேயே இருக்கிறது. சின்னத்தின் நிறம், எழுத்துரு, பிராண்டின் மதிப்பு ஆகியவற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, விற்பனையாளர் அன்றாடம் பார்க்கும் கணக்கைத் தொடாமல் முடிகின்ற உரை எவரையும் இணங்கவைப்பதில்லை.

திட்டத்திற்குப் புறம்பான சலுகை என்று இங்கே குறிக்கப்படுவது எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வட்டார மேலாளர் ஒருவர் தம் இலக்கை எட்டுவதற்காக, பிராண்டுத் துறையின் ஒப்புதல் இன்றி, பத்துப் பெட்டி வாங்கினால் ஒரு பெட்டி இலவசம் என்று மொத்த வியாபாரியிடம் வாய்மொழியாகச் சொல்வது அதன் மிகப் பரவலான வடிவம். வணிகர்கள் இதனை ‘ஸ்கீம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள். சோப்புடன் செலோ டேப்பால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளூர் அச்சகத்தில் தவறான நிறத்தில் அடிக்கப்பட்டுக் கடை வாசலில் கட்டப்பட்ட பிளெக்ஸ், குலுக்கலில் ஒரு மிக்ஸி என்ற அறிவிப்பு ஆகியவை அதன் கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள். பிராண்டு மேலாளர்களின் சினம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இவற்றின் மீதே பாய்கிறது. நிறுவனத்திற்குப் பெரிய இழப்பைத் தருவதோ, கண்ணுக்குத் தெரியாத அந்த வாய்மொழி ஸ்கீம்தான்.

பிராண்டு மேலாளர் என்ற பதவி எப்படிப் பிறந்தது என்பதை நினைவுகூர்ந்தால், இந்தப் பூசல் இயற்கையானது அல்ல என்பது விளங்கும். 1931 மே 13 அன்று, அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் கேமே சோப்பின் விளம்பரத்தைக் கவனித்துவந்த நீல் மெக்கல்ராய், ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிப் பொறுப்பாளர் வேண்டும் என்று வாதிட்டு மூன்று பக்கக் குறிப்பு ஒன்றை எழுதினார். இன்றைய பிராண்டு மேலாண்மையின் தொடக்கமாக அந்தக் குறிப்பே கருதப்படுகிறது. அதில் அவர் பிராண்டுப் பொறுப்பாளரின் முதல் கடமையாக வைத்தது, எந்த வட்டாரத்திற்கு எவ்வளவு சரக்கு போகிறது என்ற கணக்கைக் கூர்ந்து படிப்பதைத்தான். விற்பனை மெலிந்த வட்டாரத்திற்கு அவரே நேரில் சென்று, கடைக்காரர்களையும் வாங்குவோரையும் பார்த்து, அந்த இடத்து நோய்க்கு ஏற்ற மருந்தாக ஓர் உள்ளூர்த் திட்டத்தை வகுத்து, அந்த வட்டாரத்தின் விற்பனை மேலாளரிடம் அதற்கு ஒப்புதலும் ஆதரவும் பெற வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். ஆக, உள்ளூர்த் திட்டம் பிராண்டு மேலாண்மைக்குப் பகை அன்று. அதை வகுத்துக் கொடுப்பது பிராண்டு மேலாளரின் வேலையாகவே தொடக்கத்தில் இருந்தது. அவர் அந்த வேலையைச் செய்யாத இடத்தில்தான் விற்பனை மேலாளர் தம் கைக்கு எட்டிய ஒரே கருவியான விலைக் குறைப்பை எடுத்துக்கொள்கிறார்.

அவர் ஏன் அதை எடுக்க நேர்கிறது என்பது நுகர்பொருள் விற்பனையின் அமைப்பிலேயே இருக்கிறது. நிறுவனம் தன் சரக்கை விநியோகஸ்தருக்கு விற்பதை முதல்நிலை விற்பனை என்றும், விநியோகஸ்தர் அதனை மளிகைக் கடைகளுக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் விற்பதை இரண்டாம்நிலை விற்பனை என்றும் வகைப்படுத்துவார்கள். விற்பனை மேலாளர்களின் பேச்சில் இவை பிரைமரி, செகண்டரி என்று வரும். நிறுவனத்தின் ஏட்டில் வருவாயாகப் பதிவாவது முதல்நிலை விற்பனை என்பதால், மாத இலக்கும் ஊக்கத்தொகையும் பல இடங்களில் அதையே சார்ந்திருக்கின்றன. 25-ஆம் தேதி இலக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும்போது, விநியோகஸ்தரின் கிடங்கில் ஏற்கெனவே சரக்கு நிறைந்திருந்தாலும், மேலும் சரக்கை ஏற்றியே ஆக வேண்டிய நிலை மேலாளருக்கு வருகிறது. விநியோகஸ்தர் மறுத்தால், பெரிய மொத்த வியாபாரி ஒருவரைப் பிடித்து, அவர் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளும்படி ஸ்கீம் கொடுப்பது மிக எளிய வழி. அந்தச் சரக்கு வீடுகளுக்குப் போகவில்லை. ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்கிற்குத்தான் போயிருக்கிறது.

இந்த இடத்தில் பிராண்டு மேலாளர் திரையில் காட்ட வேண்டியது ஓர் எளிய கணக்கு. நூறு சோப்பு கொண்ட ஒரு பெட்டியை விநியோகஸ்தருக்கு 3,000 ரூபாய்க்கு விற்கும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மூலப்பொருள், சிப்பம், ஏற்றிறக்கு, வண்டிக்கூலி என ஒரு பெட்டி கூடுதலாகச் செய்து அனுப்புவதற்கு ஆகும் செலவு 1,800 ரூபாய். ஆகவே விளம்பரம், சம்பளம், லாபம் ஆகிய அனைத்துக்கும் ஒரு பெட்டி தரும் பங்களிப்பு 1,200 ரூபாய். பத்துக்கு ஒன்று இலவசம் என்றால் விற்பனையாளர் அதைப் பத்து சதவீதச் சலுகை என்பார். பதினோரு பெட்டி 30,000 ரூபாய்க்குப் போவதால் ஒரு பெட்டியின் உண்மை விலை 2,727 ரூபாயாகிறது, அதாவது விலை ஒன்பது சதவீதமே குறைந்திருக்கிறது. ஆனால் செலவு அதே 1,800 ரூபாயாக நிற்பதால், பங்களிப்பு 1,200-இலிருந்து 927 ரூபாயாகச் சரிந்துவிடுகிறது. பழைய பங்களிப்பைத் திரும்பப் பெறுவதற்கு மட்டுமே, இலவசப் பெட்டிகளையும் சேர்த்து, முன்பு ஆயிரம் பெட்டி போன இடத்தில் ஏறத்தாழ 1,294 பெட்டி போக வேண்டும். ஒன்பது சதவீத விலைக் குறைப்பை ஈடுகட்ட இருபத்தொன்பது சதவீதக் கூடுதல் சரக்கு உண்மையிலேயே நுகரப்பட வேண்டும் என்ற இந்த ஒற்றை விகிதம், பிராண்டின் மாண்பைப் பற்றிய எந்தச் சொற்பொழிவையும் விட விற்பனைத் தலைவர்களின் மனத்தில் ஆழமாகப் பதியும்.

விற்பனைத் தலைவர் இதற்கு உடனே ஒரு மறுமொழி வைத்திருப்பார்: தம் வட்டாரத்தில் ஸ்கீம் கொடுத்த மாதம் ஆயிரம் பெட்டி 1,500 ஆனது, ஐம்பது சதவீத வளர்ச்சி. அந்த மாதத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரியே. விற்ற 1,500 பெட்டிகளின் பங்களிப்பு 18 லட்சம் ரூபாய். இலவசமாகக் கொடுத்த 150 பெட்டிகளின் செலவு 2.7 லட்சம், மிச்சம் 15.3 லட்சம், வழக்கமான 12 லட்சத்தை விட அதிகம். ஆனால் ஒரு குடும்பம் சோப்பு விலை குறைந்ததென்று இருமடங்கு குளிப்பதில்லை. மொத்த வியாபாரி அடுத்த மாதங்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டதால், இரண்டாம் மாதம் விற்பனை 600 பெட்டியாகவும் மூன்றாம் மாதம் 800 பெட்டியாகவும் இறங்குகிறது என்று கொண்டால், அவற்றின் பங்களிப்பு 7.2 லட்சமும் 9.6 லட்சமும் ஆகும். மூன்று மாதத்தின் கூட்டுத்தொகை 32.1 லட்சம், ஸ்கீமே கொடுக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது 36 லட்சம். வெளியேறிய சரக்கோ மூவாயிரத்திற்குப் பதில் 3,050 பெட்டி. ஐம்பது பெட்டி கூடுதலாகப் போவதற்கு நிறுவனம் 3.9 லட்சம் ரூபாயை இழந்திருக்கிறது.

இந்த எண்கள் எடுத்துக்காட்டுக்காக வைக்கப்பட்டவை. ஒவ்வொரு பொருளுக்கும் இறக்கத்தின் அளவு மாறும். வீட்டில் இருப்பு கூடினால் நுகர்வும் கூடுகின்ற பிஸ்கட்டுக்கும், கூடாத சோப்புக்கும் ஒரே விதி பொருந்தாது. அதனால்தான் பிராண்டு மேலாளர் பொதுவான எண்களைக் காட்டாமல், கூட்டத்தில் அமர்ந்திருக்கும் தலைவர்களின் சொந்த வட்டாரங்களிலிருந்தே, ஸ்கீம் கொடுத்த மாதத்தையும் அதைத் தொடர்ந்த இரண்டு மாதங்களையும் சேர்த்து எடுத்துவர வேண்டும். ஒரு மாதம் என்ற அளவுகோலில் வெற்றியாகத் தோன்றுவது ஒரு காலாண்டு என்ற அளவுகோலில் இழப்பாகத் தெரிவதை, அவர்களே தம் எண்களில் கண்டுகொள்ளும் வகையில் உரையை அமைப்பதே அதன் திறன்.

அந்த ஐம்பது பெட்டியும் எங்கே போனது என்ற கேள்வி இன்னும் சங்கடமானது. ஒரு வட்டாரத்தில் பெட்டி 2,727 ரூபாய்க்கும் பக்கத்து வட்டாரத்தில் 3,000 ரூபாய்க்கும் கிடைத்தால், வண்டி வாடகை போக மிஞ்சும் வரை சரக்கு எல்லை தாண்டும். மதுரையில் ஸ்கீமில் எடுத்த சோப்பு திண்டுக்கல் கடைகளில் தோன்றுவதற்கு ஓர் இரவு போதும். திண்டுக்கல் விநியோகஸ்தரிடம் முறையாக வாங்கிவந்த கடைக்காரர், தமக்கு மட்டும் ஏன் கூடுதல் விலை என்று கேட்டு அடுத்த வார ஆர்டரை நிறுத்துகிறார். விநியோகஸ்தர் தம் லாபத்திலிருந்து ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அவரைத் தக்கவைக்க முயல்கிறார். திண்டுக்கல் மேலாளர் தம் இலக்கைக் காப்பாற்ற அடுத்த மாதம் தாமும் ஒரு ஸ்கீம் அறிவிக்கிறார். ஐம்பது பெட்டி அவ்வாறு எல்லை தாண்டியிருந்தால், மதுரையின் கூடுதல் விற்பனை என்று கருதப்பட்ட ஐம்பது பெட்டி உண்மையில் திண்டுக்கல்லின் இழப்பிலிருந்து வந்ததுதான். ஒருவரின் வெற்றி மற்றவரின் பையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை, இருவரும் ஒரே அறையில் அமர்ந்திருக்கும் ஆண்டுக் கூட்டத்தில்தான் வெளிப்படையாகப் பேச முடியும். ஒரே சரக்கு வெவ்வேறு வழிகளில் வெவ்வேறு விலைக்குக் கிடைப்பது எத்தகைய கசப்பை வளர்க்கும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் கூட்டமைப்பு, பெரும் மொத்த விற்பனை நிறுவனங்களுக்குத் தங்களைவிடக் குறைந்த விலையில் சரக்கு கிடைப்பதாகக் கூறி, ஒத்துழைப்பை நிறுத்தப்போவதாகவே உற்பத்தி நிறுவனங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது.

எல்லை தாண்டுவதைக் கண்டுபிடிக்க மறைவான கருவி எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும் தொகுதி எண், அதாவது பேட்ச் எண், எந்தக் கிடங்கிலிருந்து எந்த விநியோகஸ்தருக்குச் சென்றது என்பது நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. கடையின் அலமாரியில் உள்ள எண்ணை அதனுடன் ஒப்பிட்டால் சரக்கு வந்த வழி தெரிந்துவிடும். விநியோகஸ்தரிடம் உள்ள இருப்பு எத்தனை நாள் விற்பனைக்குச் சமம், ஒரு மாத விற்பனையில் எத்தனை பங்கு கடைசி ஐந்து நாளில் நடந்தது, மொத்த வியாபாரிகளின் பங்கு திடீரென்று ஏறியதா என்ற மூன்றும் நோய்க்குறிகள். இவற்றையும் விடத் துல்லியமான அறிகுறி, கடைக்காரரின் முதல் கேள்வி. விற்பனைப் பிரதிநிதி கடைக்குள் நுழைந்ததும், என்ன சரக்கு வேண்டும் என்று சொல்வதற்கு முன் இந்த மாதம் என்ன ஸ்கீம் என்று கடைக்காரர் கேட்கத் தொடங்கிவிட்டால், பழைய விலை அந்தக் கடையைப் பொறுத்தவரை செத்துவிட்டது.

தொழிற்சாலைக்கும் இதன் விலை சென்று சேர்கிறது. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் பேம்பர்ஸ் குழந்தை டயப்பர்களின் விற்பனையை ஆராய்ந்தபோது, குழந்தைகள் அவற்றை ஒரே சீராகப் பயன்படுத்தியும், கடைகளின் விற்பனை ஓரளவே ஏறியிறங்கியும், விநியோகஸ்தர்களின் ஆர்டர்கள் பெருமளவில் ஊசலாடியதைக் கண்டது. கைப்பிடியில் சிறிய அசைவு நுனியில் பெரிய வீச்சாவதைப் போன்றது என்பதால் இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய ஆய்வாளர்கள் 1997-இல் இதன் காரணங்களை நான்காக வகுத்தபோது, அடிக்கடி மாறும் விலையும் சலுகையும் அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது.

சட்டத்தின் பக்கமும் உரையில் ஓரிரு நிமிடங்களுக்குத் தகும், குறிப்பாகத் தமிழ்நாட்டு விற்பனைத் தலைவர்களுக்கு. இந்தியா முழுவதும் வரும் பரிசுப் போட்டி விளம்பரங்களின் அடியில், தமிழ்நாட்டிற்குப் பொருந்தாது என்று சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். 1979-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டமே அதற்குக் காரணம். பொருள் வாங்குவோரிடையே குலுக்கல் நடத்திப் பரிசு தருவது இங்கே வெறும் விளம்பர உத்தி அன்று. மைய அரசின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், விலைக்குள்ளேயே அடங்கிய ஒன்றை இலவசம் என்று தோன்றச் செய்வதை முறையற்ற வணிக நடைமுறைகளில் சேர்க்கிறது. தெருமுனைக் கடையில் கட்டப்பட்ட பிளெக்ஸை யார் அடித்தார் என்று வாங்குபவர் கேட்பதில்லை. அதில் இருக்கும் பெயர் நிறுவனத்தின் பெயர், புகாரும் நிறுவனத்தின் மீதுதான் வரும்.

இவ்வளவையும் சொல்லிய பின், எல்லாச் சலுகைகளையும் நாளையே நிறுத்துங்கள் என்று முடிக்கின்ற பிராண்டு மேலாளர் தம் வாதத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். இதில் விற்பனைத் தலைவர்களின் அச்சத்திற்கு வலுவான சான்று உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அதே பிராக்டர் அண்ட் கேம்பிள், அடிக்கடி மாறும் சலுகைகளைக் குறைத்து நிலையான விலைக்கு மாறியது. அதன் விளைவை 24 பொருள் வகைகளில் ஆராய்ந்து அயிலவாடி, லேமன், நெஸ்லின் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு, கூப்பன்கள் பாதிக்கு மேல் குறைக்கப்பட்டு விளம்பரச் செலவு கூட்டப்பட்டும், நிறுவனத்தின் சந்தைப் பங்கு முன்பிருந்ததில் ஏறத்தாழ 18 சதவீதம் சரிந்ததைக் காட்டியது. போட்டியாளர்கள் அனைவரும் அதைப் பின்பற்றிச் சலுகைகளைக் குறைத்துவிடவில்லை. இந்தச் சான்றை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையற்றது மட்டுமல்ல, பயனற்றதும் ஆகும். சந்தையில் எதிராளி இருக்கிறார் என்பதை விற்பனைத் தலைவர்களுக்கு எவரும் கற்றுத்தரத் தேவையில்லை.

எனவே உரை கேட்க வேண்டியது முழு நிறுத்தத்தை அன்று, வேறுபாட்டை. கடைக்காரர் சரக்கு ஏற்றுவதற்காக மட்டும் கொடுக்கப்படும் இலவசப் பெட்டி வேறு, வாங்குபவரின் கைக்குச் செல்லும் சலுகை வேறு. முன்னதை நிறுத்தக் கேட்கலாம், பின்னதைச் சேர்ந்து வகுக்கலாம். ஆடி மாதத்தில் கடைவீதியே தள்ளுபடி பேசும்போது தன் பொருள் மட்டும் மௌனமாக இருக்க முடியாது என்று ஒரு தமிழ்நாட்டு மேலாளர் சொன்னால், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆடி எந்த மாதம் வரும் என்பது ஏப்ரலிலேயே தெரியும். அதற்கான சிப்பத்தையும் அச்சையும் விலையையும் ஏப்ரலிலேயே பிராண்டுத் துறையுடன் சேர்ந்து முடிவு செய்து, எல்லையை ஒட்டிய வட்டாரங்களிலும் ஒரே நாளில் தொடங்கினால், அது திட்டத்திற்குப் புறம்பான சலுகையாக இராது. போட்டியாளர் திடீரென்று விலையைக் குறைக்கும் நிலைக்காக, ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, கேட்கப்பட்ட இரண்டு வேலை நாளில் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்வதாக பிராண்டு மேலாளர் அந்தக் கூட்டத்திலேயே உறுதியளிக்க வேண்டும். மூன்று வாரம் பதில் வராத ஒப்புதல் முறைதான் வாய்மொழி ஸ்கீமின் உண்மையான தாய்.

ஆயினும் இலக்கு மாறாமல் இவை எவையும் நெடுநாள் நிற்கா. விற்பனைத் தலைவரின் ஊக்கத்தொகை முதல்நிலை விற்பனையில் தொங்கிக்கொண்டிருக்கும் வரை, 25-ஆம் தேதி மாலையில் மேற்சொன்ன கணக்கு எவருக்கும் நினைவுக்கு வராது, வந்தாலும் உதவாது. அந்த மூன்று மாத இழப்பு நிறுவனத்தினுடையது, அந்த மாத இலக்கு அவருடையது. ஊக்கத்தொகையின் பெரும் பகுதியை விநியோகஸ்தரிடமிருந்து கடைகளுக்குச் செல்லும் இரண்டாம்நிலை விற்பனைக்கும், கிடங்கில் இருக்க வேண்டிய இருப்பின் வரம்புக்கும் மாற்றி, மாதத்திற்குப் பதில் காலாண்டைக் கணக்கெடுக்கும் காலமாக வைப்பது பிராண்டு மேலாளரின் அதிகாரத்தில் இல்லை. நிதித் தலைவரும் விற்பனை இயக்குநரும் அதற்கு இசைய வேண்டும், மாற்றம் நடக்கும் முதல் காலாண்டில், கிடங்குகளில் தேங்கியது கரையும் வரை, முதல்நிலை விற்பனை இறங்கிக் காட்டும் என்பதையும் அவர்கள் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே பிராண்டு மேலாளரின் ஆண்டு உரைக்கான உண்மையான வேலை கூட்டத்திற்கு ஒரு மாதம் முன்பே, அந்த இருவரின் அறையில் தொடங்குகிறது. அங்கே இசைவு பெற்று, புதிய இலக்குத் தாளையும் கையில் வைத்துக்கொண்டு மேடை ஏறுகிறவர், விற்பனைத் தலைவர்களிடம் தியாகம் எதையும் கேட்க வேண்டிய நிலையில் இருக்கமாட்டார்.